பழைய வீட்டின் ஒரு மூலை மட்டும் இறங்கினால்: காரணத்தை உறுதிசெய்து, அண்டர்பின்னிங்கா கிரவுட்டிங்கா என்று முடிவெடுப்பது வரை

சென்னையில் ஐம்பது அறுபது வயதான தனி வீடு. மூன்று மூலைகள் அசையாமல் நிற்கின்றன, ஒரு மூலை மட்டும் இறங்குகிறது. ஜன்னல் ஓரத்தில் சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது, பக்கத்து அறைக் கதவு சாத்த வரவில்லை. ஆளைக் கூப்பிட்டால் ஒருவர், "கிரவுட் அடிச்சுடலாம் சார், ரெண்டு நாள் வேலை" என்பார். இன்னொருவர், "கடைக்காலையே கீழே இறக்கிக் கட்டணும்" என்று பெரிய தொகை சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்குத் தெரிந்த வேலையைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். முதலாமவர் சொல்வது கிரவுட்டிங், அதாவது கடைக்காலுக்கு அடியில் சிமென்ட் பாலைச் செலுத்துவது. இரண்டாமவர் சொல்வது அண்டர்பின்னிங். உங்கள் மூலைக்கு எது சரி என்பதைக் கடைக்காலுக்கு அடியில் இருக்கும் மண்ணும், அந்த மண்ணைக் கெடுத்த காரணமும்தான் சொல்ல வேண்டும். விலைப்பட்டியல் வாங்கும் வேலை அதற்குப் பிறகுதான்.

இங்கே சொல்வதெல்லாம் செங்கல் சுவரே பாரம் தாங்கும் பழைய வீடுகளுக்கு. காங்கிரீட் தூண் போட்ட வீட்டுக்குக் கணக்கு வேறு.

இறங்குவது சுவரா, தரையா?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வீண் செலவு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அறையின் தரை, பேஸ்மட்டத்துக்குள் கொட்டிய நிரப்பு மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுவர் தன் கடைக்கால் மேல் நிற்கிறது. எலி வளை, பழைய நிரப்பு, கசியும் பாத்ரூம் குழாய் என்று ஏதோ ஒன்றால் தரை மட்டும் இறங்கலாம். அப்போது ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி விழும், ஆனால் சுவரில் விரிசல் இருக்காது. அதற்கு டைல்ஸைப் பெயர்த்து மண்ணைத் திமிசு போட்டு இறுக்கினால் போதும். கடைக்காலைத் தொட வேண்டாம்.

மாடியில், கூரையை ஒட்டி மட்டும் தெரியும் விரிசலும் பெரும்பாலும் கடைக்கால் விவகாரம் அல்ல. வெயிலில் கூரைத் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது அது. கடைக்காலால் வரும் விரிசல் தரைத்தளச் சுவரிலும் இருக்கும், பேஸ்மட்டத்தையும் பிளந்திருக்கும். மூலையில் சேரும் இரண்டு சுவர்களிலும் தெரியும்.

சாய்வு விரிசலைப் படிக்க ஒரு சின்ன வழி உண்டு. விரிசலின் நடுவில் பென்சிலை வைத்து, விரிசலுக்குச் செங்குத்தாகக் கீழ்நோக்கி ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு போகிற பக்கம்தான் இறங்கிய பக்கம். இன்னொரு விதமாகச் சொன்னால், விரிசலின் மேல் முனை இறங்கிய மூலையை நோக்கிச் சாய்ந்திருக்கும். மூலை வெளிப்பக்கமாகத் திரும்பியும் இருந்தால் விரிசல் மேலே அகலமாகவும் கீழே மெல்லியதாகவும் இருக்கும்.

அடுத்து டியூப் லெவல். முப்பது அடி வெள்ளை டியூப் வாங்கி, குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வெளிச்சுவரைச் சுற்றிலும் நான்கைந்து அடிக்கு ஒரு இடத்தில் மட்டம் எடுங்கள். பூச்சின் மேல் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். சில இடங்களில் பூச்சைக் கொத்திவிட்டு ஒரே செங்கல் வரியின் அடி மூட்டைப் பிடித்து அளக்க வேண்டும். கட்டியபோது அந்த வரி மட்டமாகத்தான் போயிருக்கும், அதிகம் போனால் சில மில்லிமீட்டர் தவறியிருக்கலாம்.

ஒரு வீட்டை வைத்தே மற்றதைச் சொல்கிறேன். மேற்கு மாம்பலத்தில் 1960-களில் கட்டியது, தரைத்தளமும் ஒரு மாடியும். கீழ்ச்சுவர் ஒன்றரைக் கல். வடகிழக்கு மூலையில் சந்தேகம். வடக்குச் சுவரில் மூலையிலிருந்து 12 அடி தள்ளி இருந்த இடத்தைவிட மூலை 24 மி.மீ. கீழே இருந்தது. கிழக்குச் சுவரில் அதே தூரத்துக்கு 19 மி.மீ. வீட்டின் மற்ற பகுதிகளில் எங்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இல்லை. 12 அடி என்பது சுமார் 3,600 மி.மீ. அதை 24-ஆல் வகுத்தால் 150. அதாவது 150-க்கு 1 என்ற சரிவு. 300-க்கு 1 என்ற அளவிலேயே செங்கல் சுவர் விரிசல் விடத் தொடங்கும். 150-க்கு 1 என்றால் கட்டமைப்பைப் பற்றியே கவலைப்பட வேண்டிய எல்லை. ஆக, அங்கே இறங்கியது சுவர்தான், அதுவும் மூலையில் மட்டும்.

இன்னும் நகர்கிறதா?

என்றோ இறங்கி நின்றுபோன மூலைக்கு எதுவும் செய்யத் தேவையில்லை, விரிசலை அடைத்தால் போதும். அதனால் நகர்வை அளக்காமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கண்ணாடி உடைந்தால் நகர்ந்தது என்று தெரியும், எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரியாது. அதைவிட மூன்று ஸ்க்ரூ நல்லது. விரிசலின் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று, முக்கோணமாகச் சுவரில் பதித்து எப்பாக்ஸி வைத்து இறுக்குங்கள். டிஜிட்டல் வெர்னியரால் ஸ்க்ரூக்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். காலை நேரத்திலேயே அளப்பது நல்லது, வெயில் ஏறினால் சுவரும் கொஞ்சம் விரியும்.

இந்த நோட்டுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். கோடையில் விரிந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் மூடிக்கொண்டு, மறுபடி கோடையில் விரிந்தால் அது களிமண் சுருங்கி உப்புவது. பக்கத்தில் வேம்போ தூங்குமூஞ்சி மரமோ இருந்தால் அதன் வேர் அந்தச் சுருக்கத்தை அதிகமாக்கும். மழை, கோடை எதையும் பொருட்படுத்தாமல் ஒரே திசையில் மெதுவாக விரிந்துகொண்டே போனால் கசிவு, அல்லது அடியில் மோசமான நிரப்பு. ஒரு வாரத்தில் திடீரென்று தாவினால் பக்கத்து மனையில் பேஸ்மென்ட் தோண்டுகிறார்களா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அடியில் மணல் எங்கேயோ ஓடுகிறது.

மாம்பலம் வீட்டில் ஜூலையில் 6.2 மி.மீ. இருந்த விரிசல் டிசம்பரில் 7.4 ஆகியிருந்தது. நடுவில் வடகிழக்குப் பருவமழை கொட்டியும் ஒருமுறைகூட மூடிக்கொள்ளவில்லை. பருவத்தோடு மூச்சுவிடும் களிமண் அங்கே முதல் குற்றவாளி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

எல்லா வீட்டுக்கும் இப்படி மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. விரிசல் வாராவாரம் கண்ணுக்குத் தெரிய வளர்ந்தாலோ, மெட்ராஸ் டெரஸ் கூரையின் உத்திரம் சுவரில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நழுவினாலோ, செங்கல் தூள் உதிர்ந்தாலோ அந்த அறையைக் காலி செய்து, உத்திரத்துக்கு முட்டு கொடுத்துவிட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை உடனே அழைக்க வேண்டும்.

தண்ணீரைத் தேடுதல்

வடகிழக்கு மூலையைக் கொஞ்சம் தனியாகக் கவனிக்க வேண்டும். வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் கிணறும் சம்ப்பும் ஈசானிய மூலையில்தான் இருக்கும். குழாய்த் தண்ணீர் வந்தபின் அந்தக் கிணற்றை வீடு இடித்த ரப்பிஷ் போட்டு மூடி, மேலே சிமென்ட் பூசியிருப்பார்கள். மூடிய கிணறு பல வருடம் கழித்தும் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் கிணறு எங்கே இருந்தது என்று கேளுங்கள். போதாக்குறைக்கு, 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரமாகத் தோண்டிய உறிஞ்சு குழிகள் பல இடங்களில் சுவரை ஒட்டியே இருக்கின்றன. களிமண் மனையில் அந்தக் குழி மழைநீரைக் கடைக்காலுக்குத்தான் ஊட்டுகிறது.

சம்ப்பைச் சோதிப்பது எளிது. இரவு நிரப்பி, உள்வரும் வால்வை மூடி, மோட்டார் போடாமல் நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். 6 அடிக்கு 5 அடி சம்ப்பில் மட்டம் 10 மி.மீ. இறங்கினால் ஏறக்குறைய 28 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு அவ்வளவு என்றால் கடைக்காலுக்கு அது கொஞ்சமல்ல. மட்டம் ஓரளவு இறங்கி ஒரு உயரத்தில் நின்றுவிட்டால் ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது.

சாக்கடை லைனுக்கு வேறு முறை. கீழ்ச் சேம்பரில் லைன் வாயை ரப்பர் பிளக்கோ சாக்கு சுற்றிய கட்டையோ வைத்து அடைத்து, மேல் சேம்பரில் பாதிவரை தண்ணீர் விடுங்கள். வீட்டில் யாரும் தண்ணீர் புழங்கக் கூடாது. மட்டம் நின்றால் லைன் நல்லது, இறங்கினால் நடுவில் உடைந்திருக்கிறது. பழைய ஸ்டோன்வேர் பைப்பின் சிமென்ட் மூட்டுகள் அறுபது வருடம் தாங்குவது அரிது. வேர் முதலில் நுழைவதும் அங்கேதான்.

மாம்பலம் வீட்டுக்காரர் சம்ப்பைத்தான் சந்தேகப்பட்டார், அதை இடித்துப் பிளாஸ்டிக் தொட்டி வைக்கவே ஆள் பேசியிருந்தார். சோதனையில் சம்ப் மட்டம் கோட்டைவிட்டு அசையவில்லை. கிழக்குச் சுவருக்கு இரண்டடி தள்ளி ஓடிய சாக்கடை லைனில் மட்டம் இருபது நிமிடத்தில் நான்கு அங்குலம் இறங்கியது.

குழி தோண்டிப் பார்த்தல்

கசிவு கண்டுபிடித்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கசிவு இருப்பது ஒரு செய்தி, அதுதான் மண்ணைக் கெடுத்தது என்பது இன்னொரு செய்தி. இரண்டையும் குழிதான் சேர்த்துக் காட்டும். மூலையிலிருந்து இரண்டடி தள்ளி, சுவரை ஒட்டி, 3 அடிக்கு 3 அடி அளவில் ஒரு குழி. இறங்காத மூலை ஒன்றிலும் அதேபோல் இன்னொன்று. ஒப்பிட இரண்டாவது குழி இல்லாவிட்டால் முதல் குழியில் பார்த்ததற்குப் பொருளே இல்லை. கடைக்காலின் அடி தெரிந்ததும் நிறுத்துங்கள், அதற்குக் கீழே சுவர் ஓரம் தோண்டக் கூடாது.

மாம்பலத்தில் இரண்டு குழியிலும் கடைக்கால் ஒரே மாதிரிதான். படிப்படியாக அகலும் செங்கல், அதன் அடியில் செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்பு காங்கிரீட், அடிமட்டம் தரையிலிருந்து மூன்றரை அடி. கட்டியவர் மேல் தப்பில்லை. வித்தியாசம் மண்ணில். தென்மேற்குக் குழியில் கூராக்கிய 10 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்தியபோது இரண்டு அங்குலத்துக்கு மேல் போகவில்லை. வடகிழக்கில் அதே கம்பி ஒன்றரை அடி வெண்ணெயில் போவதுபோல் போனது. தோண்டிய மேஸ்திரி ஒரு கைப்பிடி மண்ணை மோந்து பார்த்துவிட்டு, "இது மழைத் தண்ணி இல்ல சார், லைன் தண்ணி" என்றார். மூக்கு நல்ல கருவி.

குழியின் அடியிலிருந்து, சுவரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, கையால் திருகித் துளைக்கும் ஆகரால் பத்துப் பன்னிரண்டு அடிவரை துளை போட்டு மண் எடுக்கச் சொல்லுங்கள். எந்த ஆழத்தில் உறுதியான மண் வருகிறது என்று தெரியாமல் அண்டர்பின்னிங்குக்கு விலை சொல்லவே முடியாது. இங்கே ஆறடிவரை தொளதொளத்த கரும் களிமண், அதற்குக் கீழே சுக்கான் கல் கலந்த இறுகிய மஞ்சள் களிமண். ஆறரை அடிக்குக் கீழே இரண்டு மூலையிலும் ஈரப்பதம் ஒன்றாகவே இருந்தது.

களிமண் எவ்வளவு உப்பும் என்று அறிய ஆய்வகத்தில் ஒரு மலிவான சோதனை உண்டு. உலர்த்திச் சலித்த மண் 10 கிராம் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராம் மண்ணெண்ணெயிலும் அளவுக் குடுவையில் ஒரு நாள் ஊறும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் 18 மில்லி, மண்ணெண்ணெயில் 10 மில்லி என்று வந்தால் உப்பல் 80 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே அது சுருங்கி உப்பும் மண் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மண்ணைப் பார்த்து முடிவு

கடற்கரையோரம், அதாவது திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் பெரும்பாலும் மணல். மேற்கே போகப் போக, அண்ணா நகர், வில்லிவாக்கம், மாம்பலம் என்று களிமண் கூடும். தி.நகர் 1920-களில் பழைய ஏரிப் படுகையில் எழுந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை சதுப்பு. ஆனால் ஊர்ப் பெயரை நம்பி முடிவெடுக்காதீர்கள், ஒரே மனையில் இரண்டு வகை மண் வரும். உங்கள் குழி சொல்வதுதான் உங்களுக்கு.

களிமண்ணுக்குள் சிமென்ட் பால் போகாது. சிமென்ட் துகள் நுழைய முடியாத அளவுக்குக் களிமண்ணின் துளைகள் சின்னவை. அழுத்திச் செலுத்தினால் மண்ணைப் பிளந்துகொண்டு அப்பளம் அப்பளமாகப் படியும், நடுவில் உள்ள சேறு சேறாகவே இருக்கும். சில சமயம் அந்த அழுத்தத்தில் தரை மேலே எழும்பி, வேலை நடந்ததுபோல் தெரியும். மழையும் கோடையும் ஒரு சுற்று வந்தால் பழைய கதைதான். விரிவடையும் பாலியூரித்தேன் ரெசினும் இடைவெளியை நிரப்பி, தேவைப்பட்டால் சுவரைத் தூக்கும், அதுவரை சரி. களிமண் சுருங்கி உப்புவதை அது நிறுத்தாது. எனவே நீரில் தொளதொளத்த களிமண், மூடிய கிணறு, ரப்பிஷ் நிரப்பு என்றால் சுவரின் பாரத்தைக் கெட்ட மண்ணைத் தாண்டி நல்ல மண்ணில் வைக்க வேண்டும். அதுதான் அண்டர்பின்னிங்.

மணல் என்றால் கதை தலைகீழ். மணலில் குழி தோண்டினால் சுவருக்கு அடியில் இருக்கும் மணலும் சரிந்து வரும், நிலத்தடி நீர் மேலே இருந்தால் கேட்கவே வேண்டாம். மோட்டார் வைத்து இறைத்தால் தண்ணீரோடு மணலும் வந்து நல்ல மூலையும் இறங்கும். அங்கே கிரவுட்டிங்தான் முதல் தேர்வு.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று: கசிவை அடைக்காமல் இரண்டையும் தொடாதீர்கள். கசிவை நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு மூன்று மாதம் ஸ்க்ரூ அளவைப் பார்ப்பதும் நல்லது. சில மூலைகள் அதோடு நின்றுவிடும். மாம்பலத்தில் லைனை பிவிசி போட்டு மாற்றியபின்னும் விரிசல் மெதுவாக வளர்ந்தது. சரிவும் 150-க்கு 1-ஐத் தொட்டிருந்ததால் அண்டர்பின்னிங் என்று முடிவானது.

அண்டர்பின்னிங்: ஒரு மூலையை எப்படிச் செய்கிறார்கள்

மழைக்கு முன், பிப்ரவரி முதல் ஆகஸ்டுக்குள் முடிக்கப் பாருங்கள். முதலில் அந்த மூலையில் உட்காரும் உத்திரம், லின்டல் எல்லாவற்றுக்கும் முட்டு. மாடி அறையில் இருக்கும் பீரோ, புத்தக அலமாரி எல்லாம் வெளியே.

மூலையிலிருந்து இரு சுவரிலும் பத்தடி நீளம் செய்வதாக முடிவு. ஒவ்வொரு பத்தடியையும் மூன்று பகுதிகளாகப் பிரித்தால் ஒன்று மூன்றடி சொச்சம் வரும். வடக்குச் சுவரில் மூலையிலிருந்து வ1, வ2, வ3. கிழக்கில் கி1, கி2, கி3. மூலைச் சதுரம் வ1-இல் சேர்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பகுதிதான் திறந்திருக்கலாம், அடுத்தடுத்த பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தோண்டவே கூடாது. அங்கே கடைப்பிடித்த வரிசை: வ1, கி2, வ3, கி1, வ2, கி3. பக்கத்துப் பகுதியைத் திறக்கும்போது முந்தையது இறுகிப் பாரம் ஏற்றிருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தாண்டல் வரிசையின் காரணம்.

ஒரு பகுதியின் வேலை இப்படி. கடைக்காலுக்கு வெளியே ஆள் நிற்குமளவு குழி வெட்டி, அங்கிருந்து கடைக்காலின் அடியில் குடைந்து ஏழடிவரை இறங்க வேண்டும். ஐந்தடி ஆழம் வந்ததும் குழிச் சுவருக்குப் பலகையும் குறுக்கு முட்டும் கட்டாயம். மேலே ஒருவர் காவல் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. அடியில் தளர்ந்த மண்ணை அள்ளிச் சுத்தம் செய்து, இன்ஜினியர் மஞ்சள் களிமண்ணைக் கண்ணால் பார்த்தபிறகு, அன்றே M20 காங்கிரீட் போட வேண்டும். திறந்த களிமண்ணை ஓர் இரவு விட்டால் காய்ந்து வெடிக்கும், அல்லது மழையில் குழையும். பக்கத்துப் பகுதியோடு பிணைய கம்பித் துண்டுகளை நீட்டி விடுவார்கள்.

காங்கிரீட்டைக் கடைக்கால்வரை நிரப்பக் கூடாது. மூன்று அங்குலம் இடைவெளி விட வேண்டும். காங்கிரீட் இறுகும்போது சற்றுச் சுருங்கும், நிரப்பிவிட்டால் மேலே தலைமுடி அளவு வெற்றிடம் விழும். அந்த வெற்றிடத்தை மூட சுவர் மறுபடி இறங்கும். ஒரு நாள் கழித்து, ஒன்றுக்கு மூன்று சிமென்ட் மணல் கலவையை ஈரப்பதம் மட்டும் இருக்கும்படி பிசைந்து அந்த மூன்று அங்குலத்தில் திணிக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரலிடுக்கில் தண்ணீர் வரக் கூடாது. பின்பக்கத்திலிருந்து தொடங்கி மரக்கட்டையும் சுத்தியும் வைத்து அடித்து அடித்து இறுக்கிக்கொண்டே முன்னால் வர வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய ஒரே வேலை இதுதான். சோம்பேறி ஆள் முன்பக்கத்தில் மட்டும் கலவை அப்பிப் பூசிவிடுவார், வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். திணித்தபின் இரண்டு மூன்று நாள் விட்டுத்தான் அடுத்த பகுதி.

ஒன்றைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு மூலையை மட்டும் ஏழடியில் நிறுத்தி, மற்றதை மூன்றரை அடியில் விட்டால் நாளைக்கு அந்த மூலை நிற்க, மற்ற சுவர் களிமண்ணோடு ஏறி இறங்கும். விரிசல் எல்லையில் போய் விழும். அதனால் கடைசிப் பகுதிகளான வ3, கி3 இரண்டும் ஐந்தரை அடியில் நிறுத்தப்பட்டன, படி இறங்குவதுபோல. பருவ மாற்றம் இன்னும் ஆழம்வரை போகிற களிமண் என்றால், இந்தக் குழி வேலை போதாது. மூன்றரை மீட்டருக்கும் கீழே போகும் பைல் தேவை. அது தனி டிசைன்.

வேலை நடக்கும்போது ஸ்க்ரூ அளவைத் தினம் எடுங்கள். ஒரே பகுதியில் 1 மி.மீ. நகர்ந்தால் நிறுத்தி, அந்தக் குழியை நிரப்பிவிட்டு யோசிக்க வேண்டும்.

மணல் மனையில் கிரவுட்டிங்

மணலில் மூலை இறங்குவது பெரும்பாலும் உடைந்த சாக்கடை மூட்டு வழியாக மணல் ஓடியதால். அடையாளம் எளிது: லைன் அடிக்கடி அடைக்கும், சேம்பரின் அடியில் சுத்தமான மணல் படிந்திருக்கும். குழி தோண்டினால் கடைக்காலுக்கு அடியில் கை நுழையும் வெற்றிடம் இருக்கும். உடைந்தது வீதியில் இருக்கும் லைன் என்றால் அதை மெட்ரோ வாட்டர்தான் சரிசெய்ய வேண்டும்.

லைனைச் சரிசெய்தபின், கடைக்காலின் ஓரமாக இரண்டு மூன்று அடிக்கு ஒன்று என்று சாய்வாகத் துளையிட்டுக் குழாய் இறக்குகிறார்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 0.2 பார் என்பது பழைய நடைமுறைக் கணக்கு. அதன்படி இரண்டு மீட்டர் ஆழத்துக்கு 0.4 பார். பத்தடி உயரத்தில் ஒரு வாளி வைத்து, எடைக்கு எடை கலந்த சிமென்ட் பாலை ஹோஸ் வழியாக இறக்கினாலே அந்த அழுத்தம் வந்துவிடும். பெரிய பம்பைக் கொண்டுவந்து இறக்கினால், எதற்கு என்று கேளுங்கள்.

எவ்வளவு போக வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடுங்கள். வெற்றிடம் 3 அடிக்கு 3 அடி, 3 அங்குல உயரம் என்றால் 64 லிட்டர். ஒரு மூட்டை சிமென்டோடு 50 லிட்டர் தண்ணீர் கலந்தால் 66 லிட்டர் பால் வரும். நீளவாட்டில் சற்றுக் கசியும், கலவையைக் கெட்டியாக்கவும் வேண்டும் என்றாலும் இரண்டு மூன்று மூட்டைதான். நாற்பது மூட்டை போகிறது என்றால் அது கடைக்காலுக்குப் போகவில்லை, சாக்கடைக்கோ பக்கத்து வீட்டு சம்ப்புக்கோ போகிறது. வேலை நடக்கும்போதே சேம்பரைத் திறந்து வைத்துப் பாருங்கள். மூட்டைக் கணக்கில் கூலி பேசும் ஒப்பந்தத்தை ஏற்காதீர்கள், அவருக்கு நிறுத்த ஆசையே வராது. பக்கத்துத் துளையில் பால் எட்டிப் பார்த்தால் இந்தத் துளை முடிந்தது.

"மணலைக் கல்லாக்கிவிடுவோம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். சாதாரண சிமென்ட் நம் கடற்கரை நுண்மணலின் துளைகளுக்குள்ளும் நுழையாது. வெற்றிடத்தை நிரப்பி, கடைக்காலுக்கும் மணலுக்கும் நடுவில் தொடர்பு உண்டாக்கும், அதுவே மூலைக்குப் போதுமானது. மணலையே கட்ட வேண்டுமென்றால் மைக்ரோஃபைன் சிமென்டோ சோடியம் சிலிக்கேட்டோ தேவை, அதை மண் ஆய்வறிக்கை பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இரண்டும் வேண்டாத மூலை, பிறகு விரிசல் அடைப்பு

நோட்டில் பருவத்தோடு மூடித் திறக்கும் விரிசல், 5 மி.மீ.க்குள் நிற்கிறது, வருடாவருடம் வளரவில்லை என்றால் கடைக்காலை விட்டுவிடுங்கள். கூரைத் தண்ணீரையும் உறிஞ்சு குழியையும் சுவரைவிட்டுத் தள்ளி, சுவர் ஓரம் நான்கடிக்குச் சரிவான காங்கிரீட் ஓரம் போட்டால் மண்ணின் ஈரம் ஓரளவு சீராகும். மரத்தை ஒரே நாளில் வேரோடு வெட்டாதீர்கள். பல வருடம் அது உறிஞ்சிய தண்ணீர் களிமண்ணுக்குத் திரும்பும்போது மண் உப்பி, இறங்கிய மூலை ஏறத் தொடங்கும். கிளையைக் கழித்துக் கழித்துப் பருவம் பார்த்துக் குறையுங்கள்.

இறங்கிய மூலையை ஜாக்கி வைத்துப் பழைய மட்டத்துக்குத் தூக்க ஆசைப்பட வேண்டாம். சுண்ணாம்பு மூட்டுச் சுவர் அந்த மட்டத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும், தூக்கினால் புது இடத்தில் வெடிக்கும். மாம்பலம் வீட்டில் வேலை முடிந்தபின் ஒரு மழைக்காலம் முழுக்க ஸ்க்ரூ அளவைப் பார்த்தார்கள். 0.2 மி.மீ.க்குள் நின்றபிறகுதான், விரிசலின் குறுக்கே செங்கல் மூட்டுகளில் நான்கு வரிக்கு ஒன்றாக ஸ்டெயின்லெஸ் கம்பி வைத்துத் தைத்து, பழைய சுவருக்கு ஏற்ற மென்மையான சுண்ணாம்பு சேர்த்த கலவையால் மூட்டை நிரப்பினார்கள். அதற்கு மேல்தான் பூச்சு, கடைசியில் பெயின்ட்.